ஜெராக்ஸ் மெஷின்: தவணையில் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா? புதுக்கடைக்கு ஒரு கணக்கு!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால், சற்று நேரத்தில் வந்துவிடுகிறது பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். ஒருபக்கம் மீனவர் குடியிருப்பும் கடலும். மறுபக்கம் ஆரோவில்லுக்கு வந்துபோகிறவர்களை நம்பிய விடுதிகளும் சிறு கடைகளும்.

இப்படியான ஊரில் ஒரு பெண் ஜெராக்ஸ் கடை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாலையோரம் பத்துக்குப் பத்தில் ஒரு கடை கிடைத்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், ரேஷன் கார்டு, ஆதார் நகல், பத்திர நகல், விடுதிக்காரர்களின் அடையாள அட்டை நகல் என்று வேலைக்குக் குறைவிருக்காது என்பது அவர் நம்பிக்கை. மீதமிருப்பது ஒரே கேள்வி. மெஷினைத் தவணையில் வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா?

வீட்டில் இரண்டு கட்சி. ``வாடகை கொடுத்தா காசு போயிடும், தவணை கட்டினா பொருள் நமக்கு நிக்கும்" என்பார் மாமியார். ``ஓடுமோ ஓடாதோ, மொதல்ல வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம்" என்பார் கணவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது சரி என்பதை ஒரே ஒரு எண்தான் முடிவு செய்யும். அது, அந்தக் கடையில் மாதத்துக்கு எத்தனை பிரதிகள் ஓடும் என்பது.

வாடகையில் பிறந்த மெஷின்!

ஜெராக்ஸ் மெஷின் உலகத்துக்கு அறிமுகமானதே வாடகையில்தான். அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 1959-ல் `914' என்ற மெஷினைக் கொண்டுவந்தது. விலை 29,500 டாலர். அன்றைக்கு அலுவலகங்கள் அவ்வளவு பணம் போட்டு வாங்கத் தயங்கும் என்பதால், மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். அதில் முதல் 2,000 பிரதிகள் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் 4 சென்ட். மெஷினுக்குள் ஒரு மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும்.

மாதத்துக்கு 2,000 பிரதி என்பதே அதிகம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால், மெஷின் போய் உட்கார்ந்த அலுவலகங்களில் சராசரியாக ஒரு நாளைக்கே அந்த அளவு பிரதிகள் ஓடின. ஜெராக்ஸ் நிறுவனம் கொழித்தது அந்தக் கூடுதல் பிரதிகளின் காசில்தான்.

இன்று நம்மூரில் ஜெராக்ஸ் மெஷினை வாடகைக்கு விடுகிறவர்களும் ஏறக்குறைய இதே முறையைத்தான் வைத்திருக்கிறார்கள். `குறைந்தபட்சம் இத்தனை பிரதி, அதற்கு மேல் பிரதிக்கு இவ்வளவு' என்பதுதான் ஒப்பந்தம். குறைவாக ஓட்டுகிறவருக்கு வாடகை பாதுகாப்பு. நிறைய ஓட்டுகிறவருக்கு அதுவே செலவு. கோடு எங்கே விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இரண்டு வழி, இரண்டு கணக்கு

கீழே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் வாங்கும் கொட்டேஷனில் உள்ள எண்களை அதே இடத்தில் போட்டுக்கொள்ளலாம். வரியெல்லாம் சேர்ந்த தொகை என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் வாடகை. அட்வான்ஸ் 10,000 ரூபாய். பிரதிக்கு 60 பைசா. மாதம் 5,000 பிரதிகளுக்கு உண்டான 3,000 ரூபாயை, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். டோனர், டிரம், உதிரி பாகம், சர்வீஸ் எல்லாம் மெஷின்காரர் பொறுப்பு. பேப்பரும் மின்சாரமும் கடைக்காரர் பொறுப்பு.

அடுத்து தவணை. பழுது நீக்கிப் புதுப்பித்த மெஷின் ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாய். கையிலிருந்து 20,000 ரூபாய் கட்டி, மீதி 80,000 ரூபாய்க்குக் கடன். இரண்டு வருடம், 12 சதவீத `ஃபிளாட்' வட்டி. வட்டி மட்டும் 19,200 ரூபாய். மாதத் தவணை 4,133 ரூபாய். டோனர், டிரம், சர்வீஸ் எல்லாம் சேர்த்து, சராசரியாகப் பிரதிக்கு 30 பைசா நம் கையிலிருந்து போகும்.

மூன்று வருடம் ஓட்டிவிட்டு மெஷினை 25,000 ரூபாய்க்கு விற்றுவிடுவதாக வைத்துக்கொண்டால், வாங்கியதில் மொத்தச் செலவு என்ன? முன்பணம் 20,000, தவணைகள் 99,200, ஆக 1,19,200 ரூபாய். விற்ற 25,000 ரூபாயைக் கழித்தால் 94,200. இதை 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 2,617 ரூபாய். அதோடு பிரதிக்கு 30 பைசா.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாதம் 5,000 பிரதிகள் ஓடினால் வாங்கியவருக்கு 4,117 ரூபாய் செலவு. வாடகைக்கு எடுத்தவருக்கு 3,000 ரூபாய்தான். மாதம் 12,000 பிரதிகள் ஓடினால் வாங்கியவருக்கு 6,217 ரூபாய். வாடகைக்காரருக்கு 7,200 ரூபாய். இரண்டும் சமமாகும் இடம், மாதம் சுமார் 8,700 பிரதிகள். மாதத்தில் 26 நாள் கடை திறந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 335 பிரதி.

ஆக, `காசு போயிடுமா, பொருள் நிக்குமா' என்ற சண்டைக்குப் பதில் இதுதான்: நாளொன்றுக்கு 335 பிரதிக்கு மேல் நிச்சயம் என்றால் மாமியார் ஜெயிக்கிறார், அதற்குக் கீழே என்றால் கணவர் ஜெயிக்கிறார்.

முதல் ஆறு மாதம்தான் சோதனை

மூன்று வருடச் சராசரி என்பது காகிதத்தில் நன்றாக இருக்கும். ஆனால், தவணை தேதி மாதாமாதம் வருமே! கடை திறந்த முதல் மாதத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஊருக்குள் கடை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. 2,500 பிரதிகள்தான் ஓடுகின்றன. பிரதிக்கு 2 ரூபாய் என்றால் வரவு 5,000 ரூபாய். 500 தாள் கொண்ட ஒரு ரீம் 225 ரூபாய் என்றால், தாளுக்கு 45 பைசா. பேப்பர் செலவு 1,125 போக மிஞ்சுவது 3,875 ரூபாய்.

வாடகைக்காரர் இதில் 3,000 ரூபாயைக் கட்டினால் 875 ரூபாய் கையில் நிற்கும். தவணைக்காரர் 4,133 ரூபாய் தவணையும், டோனர், சர்வீஸ் வகையில் 750 ரூபாயும் எடுத்துவைக்க வேண்டும். 1,008 ரூபாய் துண்டு விழுகிறது. கடை வாடகை, கரன்ட் பில் எல்லாம் இதற்கு மேல்தான்.

துண்டு விழுந்த தொகையைக் கொடுக்க வீட்டில் யாராவது இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் தவணை தவறும். வங்கிக் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் கடன் கொடுத்தவர் ஓர் அபராதம் போடுவார். வங்கியும் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். முன்பணத்துக்காக நகையை அடகு வைத்திருந்தால், அந்த வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

மாதம் 6,000 பிரதிகளை எட்டும்போது நிலைமை மாறுகிறது. வரவு 12,000. பேப்பர் 2,700 போக 9,300. வாடகைக்காரருக்கு 5,700 ரூபாய் மிஞ்சும். தவணைக்காரருக்கு 3,367 ரூபாய் மிஞ்சும். இரண்டு பேருமே தப்பித்துவிட்டார்கள். ஆனால், தவணை முடியும் வரை வாடகைக்காரரின் கையில்தான் காசு அதிகம். தவணை ஓடும் காலத்தில் இருவர் கையிலும் ஒரே அளவு காசு மிஞ்ச வேண்டுமென்றால், மாதம் கிட்டத்தட்ட 13,800 பிரதிகள் ஓட வேண்டும்.

பள்ளி சார்ந்த கடைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஜூன் மாதச் சேர்க்கை நேரத்தில் வரிசை நிற்கும். மே மாதம் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். வாடகையின் குறைந்தபட்சத் தொகையும் சரி, தவணையும் சரி, மே மாதத்துக்கென்று குறையாது. அதனால் ஜூன் மாத வரவை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

கடையை மூட வேண்டி வந்தால்?

யாரும் பேச விரும்பாத கணக்கு இது. ஆறே மாதத்தில் கடையை மூட வேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம்.

தவணைக்காரர் அதுவரை முன்பணமாக 20,000, ஆறு தவணைகளாக 24,800, ஆக 44,800 ரூபாய் கட்டியிருப்பார். ஆனாலும், கடனில் ஏறத்தாழ 63,000 ரூபாய் பாக்கி நிற்கும். ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு கூடுதலாக இருப்பதுதான் காரணம். மெஷின் 60,000 ரூபாய்க்கு விலை போனால்கூட, இன்னும் 3,000 ரூபாய் சேர்த்துக் கட்டித்தான் கடனை முடிக்க முடியும். முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் இருந்தால் அதுவும் சேரும். கையிலிருந்து போனது சுமார் 48,000 ரூபாய்.

வாடகைக்காரர் ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாய் கட்டியிருப்பார். மெஷினைத் திருப்பிக் கொடுத்து அட்வான்ஸை வாங்கிக்கொள்ளலாம். ஆனால், இங்கே ஒரு முள் இருக்கிறது. ஒப்பந்தத்தில் `ஒரு வருடம் கட்டாயம்' என்று லாக்-இன் போட்டிருந்தால், மீதி ஆறு மாதத்துக்கும் சேர்த்து 36,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வாடகையின் பெரிய பலமே வேண்டாமென்றால் விலகிவிடலாம் என்பதுதான். லாக்-இன் அந்தப் பலத்தைப் பிடுங்கிவிடுகிறது. வாடகை சற்று அதிகமானாலும், மூன்று மாத லாக்-இன், ஒரு மாத நோட்டீஸ் என்று பேசி முடிப்பது புதுக்கடைக்கு நல்லது.

12 சதவீதம் என்றால் 12 சதவீதமா?

தவணைக் கணக்கில் பலரும் ஏமாறுவது இந்த `ஃபிளாட்' என்ற வார்த்தையில்தான். ஃபிளாட் முறையில், முழு 80,000 ரூபாய்க்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். நாம் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி!

அதே 80,000 ரூபாய், அதே 12 சதவீதம், ஆனால் பாக்கியுள்ள தொகைக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை 3,766 ரூபாய்தான். மொத்த வட்டி சுமார் 10,400 ரூபாய். ஃபிளாட் முறையில் அது 19,200. அதாவது, `ஃபிளாட் 12 சதவீதம்' என்று சொல்லப்படும் இந்தக் கடனின் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சிறு, குறு தொழில்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதில் `ஏ.பி.ஆர்.' என்று ஒரு சதவீதம் இருக்கும். பிராசஸிங் கட்டணம் உள்பட எல்லாச் செலவையும் சேர்த்த வருட விகிதம் அது. இரண்டு இடங்களில் கடன் கேட்டால், தவணைத் தொகையை ஒப்பிடாமல் இந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மானியம் கிடைத்தால் கணக்கே மாறும்

அரசு மானியத் திட்டங்கள், மெஷினை வாங்குகிறவருக்குத்தான் உதவும். மாத வாடகைக்கு மானியம் கிடையாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம். வேலையில்லா இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டத்தில் 25 சதவீதம். எந்தத் திட்டத்தில் தற்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள், எது தனக்குப் பொருந்தும் என்பதை விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

நமது கணக்கில் ஒரு லட்சம் ரூபாய் மெஷினுக்கு 35,000 ரூபாய் மானியம் என்றால், சமமாகும் இடம் மாதம் 8,700 பிரதியிலிருந்து ஏறத்தாழ 5,500 பிரதிக்கு இறங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 335-க்குப் பதில் 210 பிரதி போதும். வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

ஆனால், இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரதமரின் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. `முதலில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவோம், பிறகு மானியத்தில் வாங்குவோம்' என்று கடையைத் திறந்துவிட்டால், `ஏற்கெனவே நடக்கும் தொழில்' என்று விண்ணப்பம் திரும்பலாம். மானியம் வேண்டுமென்றால், கடை திறக்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கடன் அனுமதி வரும் வரை மெஷினுக்குப் பணம் கட்டக் கூடாது.

இரண்டாவது, மானியப் பணம் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருந்து, கடைசியில் கடனில் கழிக்கப்படும். ஆகவே, மானியம் கிடைத்தாலும் முதல் மாதங்களில் தவணையைக் கட்டுவதற்கான பணத்தைத் தனியாகத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

உப்புக்காற்றுக்கு யார் பொறுப்பு?

கடலோரக் கடைக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஈரக்காற்றில் பேப்பர் ஈரம் வாங்கி வளையும். வளைந்த தாள் உள்ளே சிக்கும். உப்பு படிந்த மின் இணைப்புகள் துருப்பிடிக்கும். உள்ளூரில் ஐந்து வருடம் உழைக்கிற மெஷின், கடற்கரையில் அவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கினால் இந்த நஷ்டம் நம்முடையது. வாடகை என்றால் மெஷின்காரருடையது, ஒப்பந்தம் அப்படிச் சொன்னால் மட்டும்!

சில ஒப்பந்தங்களில் `துரு, தண்ணீர், எலி, மின்னழுத்தத்தால் வரும் பழுது வாடிக்கையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும். பொம்மையார்பாளையம் போன்ற ஊரில் அந்த ஒரு வரியே வாடகையின் லாபத்தை விழுங்கிவிடும். துருவை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எதுவாக இருந்தாலும், மெஷினைக் கடலைப் பார்த்த வாசலில் வைக்காமல் உள்சுவர் ஓரம் வைப்பதும், பேப்பரை உறையோடு மூடிவைத்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போடுவதும், ஸ்டெபிலைசர் போடுவதும் சிக்கலைக் குறைக்கும்.

மீட்டர் விஷயத்தையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஏ3 தாள் ஒன்றா, இரண்டா? சிக்கிக் கிழிந்த தாளும், மெக்கானிக் எடுத்துப் பார்க்கும் சோதனைப் பிரதியும் யார் கணக்கில்? பழுது என்று போன் செய்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? இரண்டு நாள் மெஷின் நின்றால் குறைந்தபட்ச வாடகையில் கழிவு உண்டா? இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

பழைய மெஷினை வாங்குகிறவர்கள், கவுண்டர் பக்கத்தை அச்செடுத்து இதுவரை எத்தனை பிரதிகள் ஓடியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு தொடர்ந்து ஐம்பது பிரதிகள் எடுத்துப் பாருங்கள். எழுத்தை விரலால் தேய்த்தால் மை உதிர்ந்தால், ஃபியூசர் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஒரே இடைவெளியில் புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால் டிரம்மிலோ உருளையிலோ கீறல். இவை செலவு வைப்பவை. மேலே உள்ள ஃபீடர் வழியாக எடுக்கும்போது மட்டும் நெடுக்குக் கோடு விழுந்து, கண்ணாடியில் வைத்து எடுத்தால் விழவில்லையென்றால் பயப்பட வேண்டாம். ஃபீடர் பக்கத்திலுள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையைத் துடைத்தால் போதும்.

எதை எடுக்கலாம்?

மானியத்துக்குத் தகுதி இருந்து, சில மாதங்கள் பொறுக்கவும் முடியும் என்றால், கடை திறக்கும் முன்பே விண்ணப்பித்து வாங்குவது நல்லது. பள்ளி, அலுவலகம் என்று தினமும் 335 பிரதிக்கு மேல் உறுதியான வேலையும், நான்கைந்து மாதத் தவணைக்குக் கையில் பணமும் இருந்தாலும் வாங்கலாம்.

இந்த இரண்டும் இல்லாமல், முன்பணத்துக்கே நகையை அடகு வைக்க வேண்டுமென்றால், குறைந்த லாக்-இன்னில் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். கடை திறந்த நாளிலிருந்து, தினமும் இரவு மூடும்போது மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஜூன் மாதத்தை விட்டுவிட்டு, தொடர்ந்து மூன்று மாதங்கள் 8,700-ஐத் தாண்டினால், அந்த நோட்டையே வங்கியில் காட்டிக் கடன் கேட்கலாம். அன்றைக்கு மெஷின் வாங்கும்போது, நகை பீரோவிலேயே இருக்கும்!